இன்சோலைத் தராசில் வைத்த மழைக்காலம்

ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்குக் காலில் மாட்டும் சேப்டி ஷூவை மாலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில்தான் கழற்றுவேன். விரல்களுக்கு மேலே இரும்புத் தொப்பியும் தடித்த தோலும் உள்ள அந்த வகை ஷூவில் காற்று நுழைவதற்கென்று ஒரு வழியும் கிடையாது. கோடையில் காலுறை நனைந்தாலும் மறுநாள் காலைக்குள் ஷூ ஓரளவு உலர்ந்துவிடும் என்பதால் பல ஆண்டுகள் இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரத்தில் இடது காலின் சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து ஊறி உரியத் தொடங்கியது. அதே வாரத்தில், "அந்த ஷூவ மாடிப்படியிலயே விடுடா, உள்ள கொண்டு வராத" என்று அம்மா சொல்லிவிட்டார்.

சேற்றுப்புண்ணும் நாற்றமும் ஒன்றாக வந்ததால் இரண்டும் ஒரே நோய் என்று நினைத்தேன். அது தவறு. வியர்வைக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் வியர்வையிலுள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவேலரிக் அமிலமாக்குவதால்தான் அந்தப் புளித்த பாலாடைக்கட்டி வாடை எழுகிறது. விரலிடுக்குப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் வகைப் பூஞ்சை. இது தோலின் கெரட்டினைத் தின்று வளர்வது. தனியாக இருக்கும்போது அதிகம் நாறுவதில்லை. இரண்டுக்கும் பொதுவான தேவை ஈரம் என்பதால் ஈரத்தைக் குறைத்தால் இரண்டுமே தளரும். ஆனால் ஏற்கெனவே தோலுக்குள் புகுந்துவிட்ட பூஞ்சை, ஷூவை உலர்த்துவதால் மட்டும் போய்விடாது. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்; அந்தத் தாமதத்தின் கதையைக் கீழே சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் சொல்வதைப் போல இரண்டாவது ஜோடி ஷூ வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி அணிந்தேன். பத்து நாள் கடந்தும் வாடை குறைந்ததாகத் தெரியவில்லை. ஷூ காய்கிறதா இல்லையா என்பதைக் கையால் தொட்டுத்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தேன். ஈரமும் குளிர்ச்சியும் கைக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால் அது நம்பத்தக்க அளவீடு அல்ல. அளக்காத எதையும் நம்பக் கூடாது என்று பிறருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குபவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தது. ஒரு கிராம் வரை காட்டும். ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்கும், கழற்றக்கூடிய தகடான இன்சோலை நிறுத்தால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒற்றை இன்சோலில் ஒரு கிராம் பிழை பெரிதாகிவிடும் என்பதால் இரண்டு கால் இன்சோல்களையும் சேர்த்தே நிறுத்தேன். தராசின் மேல் ஒரு பழைய தட்டை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொண்ட பிறகே அம்மா அனுமதித்தார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்சோல்களைப் பகல் முழுவதும் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து நிறுத்தபோது 62 கிராம் இருந்தன. இதை உலர் எடை என்று குறித்துக்கொண்டேன். திங்கள் மாலை வேலை முடிந்து வந்து நிறுத்தால் 73. அதாவது பன்னிரண்டு மணி நேரத்தில் 11 கிராம் வியர்வையை அந்த இரண்டு தகடுகளும் குடித்திருந்தன. அவற்றைக் கழற்றாமல் ஷூவுக்குள்ளேயே விட்டு, ஷூவை மூடிய அலமாரியில் வைத்து மறுநாள் காலை நிறுத்தேன்: 70. இரவு முழுக்க மூன்று கிராம் மட்டுமே போயிருந்தது. வேண்டுமென்றே அதே ஷூவைத் தொடர்ந்து அணிந்ததில் செவ்வாய் மாலை 77, புதன் மாலை 80 என்று ஏறியது. வியாழன் மாலையும் 80 கிராமில் நின்றது. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்து முதலில் மகிழ்ந்தேன், ஏதோ சமநிலை வந்துவிட்டது என்று. உண்மையில் இன்சோல் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் ஊறும் வியர்வை போக இடமில்லாமல் காலுறையிலும் தோலிலும் நிற்கிறது. அந்த வியாழக்கிழமைதான் காலுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நிலையில் இருந்தது.

இதன் பிறகு இரண்டு ஜோடிகளை மாற்றி அணியும் முறையைத் தராசில் சோதித்தேன். மாலை ஆறு மணிக்குக் கழற்றிய ஷூ மறுநாளுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் மீண்டும் காலுக்கு வரும். நடுவில் 36 மணி நேரம். இன்சோலைக் கழற்றாமல் மூடிய அலமாரியில் விட்டால் 36 மணி நேரத்துக்குப் பிறகும் 67 கிராம் காட்டியது. வெயில் எடையைவிட ஐந்து கிராம் அதிகம். கழற்றி எடுத்து, ஜன்னலோரம் சுவரில் சாய்த்துச் செங்குத்தாக நிற்க வைத்தால் ஒரே இரவில், அதாவது 12 மணி நேரத்திலேயே, அந்த 67 வந்துவிட்டது. மேசை விசிறியின் முன்னால் நிற்க வைத்தால் நான்கு மணி நேரத்தில் 66, விடியும்போது 64. அதாவது விசிறியுடன் கழிந்த ஓர் இரவு, அலமாரியில் கழிந்த ஒன்றரை நாளைவிட அதிகம் உலர்த்துகிறது. ஷூவை மாற்றி அணிவதன் பயன், ஓய்வு நாளில் அந்த ஷூ எங்கே எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. மூன்றாவது ஜோடி வாங்கும் யோசனையை அன்றே கைவிட்டேன். (அதிகம் வாங்கி அட்டைப்பெட்டியில் அடைத்து வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலியூரிதேன் அடிப்பாகம் கொண்ட ஷூக்கள் ஈரக்காற்றில் சில ஆண்டுகள் சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் சிதைந்து, அணிந்த முதல் நாளே அடி பொடிப்பொடியாக உதிரும்.)

விசிறிக் காற்றிலும் எடை 64 கிராமுக்குக் கீழே இறங்கவில்லை. இன்னும் இரண்டு கிராம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்துவிட்டு, ஓர் ஈரப்பதமானியை வாங்கி அறையில் மாட்டினேன். 27 டிகிரி வெப்பத்தில் 85 சதவீதம் என்று காட்டியது. இன்சோலின் துணியும் நுரைப்பஞ்சும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும் வரைதான் உலரும். காற்றே 85 சதவீதம் ஈரமாக இருக்கும்போது 62 என்பது எட்டாத எண். ஆகவே மழைக்காலத்துக்கான இலக்கை 64 என்று திருத்திக்கொண்டேன். வெயில் நாளில் எடுத்த எண்ணை மழை நாளில் துரத்தினால் ஹேர் டிரையரைத் தேடத் தோன்றும், அது ஆபத்து. முந்தைய ஆண்டு ஒரு பழைய ஷூவை நான் அப்படித்தான் கெடுத்தேன். முன்பக்கத்தில் சூடான காற்றை அரைமணி நேரம் நிறுத்திப் பிடித்ததில் பசை இளகி, இரண்டு வாரத்தில் அடிப்பாகம் விரல் பக்கமாக வாய் பிளந்துவிட்டது. தோலும் அந்தச் சூட்டில் விறைத்து, மடிப்பு விழும் இடத்தில் வெடித்தது.

நான் செய்த அடுத்த பிழை நுட்பமானது. விசிறியில் உலர்ந்து 64 கிராமுக்கு வந்த இன்சோல்களை, மறுநாள் காலை அவசரத்தில் தேடக் கூடாதென்று இரவிலேயே ஷூவுக்குள் போட்டு வைத்தேன். காலையில் சந்தேகப்பட்டு எடுத்து நிறுத்தால் 67. யாரும் அணியாமலேயே மூன்று கிராம் கூடியிருந்தது. இன்சோலை மட்டும் கவனித்து, அது உட்கார்ந்திருக்கும் ஷூவின் உள்கூட்டை மறந்திருந்தேன். இன்சோல் இல்லாத ஷூக்களை ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டிப் பார்த்தபோது, காலையில் இருந்ததைவிட மாலையில் ஜோடிக்கு 14 கிராம் அதிகமாக இருந்தது. உள்துணியும், இன்சோலுக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையும் இன்சோலைவிட அதிகமாகவே குடிக்கின்றன. இரும்புத் தொப்பிக்குள் இருக்கும் மூக்குப் பகுதிக்குக் காற்று எட்டுவதில்லை. அன்று முதல் இன்சோல் தனியாகவும் ஷூ தனியாகவும் உலர்ந்து, காலையில் காலுறை போடும் நேரத்தில்தான் இரண்டும் ஒன்றுசேர்கின்றன.

உள்கூட்டை உலர்த்த ஒரு சிறு தாங்கி செய்தேன். பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 செ.மீ. விசிறி, 12 வோல்ட் அடாப்டர், மீந்துபோன பிளைவுட் துண்டுகள், பிவிசி பைப். 30 செ.மீ. நீளமுள்ள பெட்டியின் பக்கவாட்டில் விசிறியைப் பொருத்தி, மேல்பலகையில் இரண்டு துளைகள் போட்டு, 20 செ.மீ. உயரக் குழாய்கள் இரண்டைச் செங்குத்தாக நட்டேன். ஷூக்களைக் குழாய்களின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தால் காற்று உள்ளே போய், குழாய்க்கும் ஷூவின் வாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாக வெளியேற வேண்டும் என்பது திட்டம். முதலில் ஒரு அங்குலக் குழாய் வைத்தேன். விசிறி நன்றாகச் சுற்றியது, குழாயின் வாயில் ஒரு டிஷ்யூ தாள் நறுக்கைப் பிடித்தால் அது அசையக்கூட இல்லை. இந்த வகைக் கணினி விசிறிகள் திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும்; குறுகிய வழி எதிர்த்தால் அழுத்தம் கொடுக்க அவற்றால் முடியாது. இரண்டு அங்குலக் குழாய்க்கு மாற்றி, பெட்டியின் மூலைகளை எம்-சீல் வைத்து அடைத்த பிறகு தாள் நன்றாகத் துடித்தது. குழாயின் மேல்முனையைச் சாய்வாக அறுத்து, அந்தச் சாய்வு விரல் பக்கம் பார்க்கும்படி திருப்பினேன். நேராக அறுத்த முனை ஷூவின் உள்ளடியில் ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடுகிறது.

இந்தத் தாங்கியில் எட்டு மணி நேரம் வைத்தால் 14 கிராமில் 10 கிராம் போகிறது. மீதி நான்கும் பெரும்பாலும் மூக்குக்குள்ளேயே இருக்கிறது என்பது விரலை விட்டுப் பார்த்தாலே தெரிந்தது. அதற்குப் பழைய வழிதான் உதவியது. வீட்டுக்கு வந்தவுடன் செய்தித்தாளைக் கசக்கி இரும்புத் தொப்பிக்குள் அழுத்தி ஒரு மணி நேரம் வைப்பேன். அந்த நேரத்தில் ஜோடிக்கு மூன்று கிராம் தாளுக்கு ஏறுகிறது என்று தாளையே நிறுத்துப் பார்த்தேன். இரண்டாம் மணி நேரத்தில் அதே தாள் ஏறக்குறைய எதையும் எடுப்பதில்லை. இரவு முழுக்க அப்படியே விட்டால் ஈரத்தாள் ஷூவுக்கு மூடியாக மாறிவிடுகிறது. எனவே தாளை எடுத்து எறிந்த பிறகே ஷூ தாங்கிக்குப் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் முயன்றேன். நிறைய ஈரமுள்ள காற்றில் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈர்க்கும் என்றாலும், ஷூவோடு வரும் ஐந்து கிராம் பொட்டலம் ஒன்று முழுதாக நிறைந்தாலே ஒன்றரை கிராம்தான். 25 கிராம் வியர்வைக்கு எத்தனை பொட்டலம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டதும் விட்டுவிட்டேன்.

மழை நிற்காமல் பெய்த ஒரு வாரத்தில் அறையின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது தாங்கியும் சோர்ந்தது. பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பீங்கான் ஹோல்டரில் மாட்டினேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது, அது தரும் சூடு மிகக் குறைவு. குழாயின் வாயில் காற்றின் வெப்பம் மூன்று டிகிரிதான் ஏறியது. ஆனால் 27 டிகிரியில் 85 சதவீதமாக இருக்கும் காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஒப்பு ஈரப்பதம் 71 சதவீதமாக இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீரின் அளவு மாறுவதில்லை. சூடான காற்றுக்குக் கூடுதல் நீரை ஏற்கும் இடம் பிறக்கிறது, அவ்வளவே. கைக்கு வெதுவெதுப்பு என்றுகூடத் தெரியாத அந்தச் சூடு பசையை ஒன்றும் செய்யாது. ஒரே எச்சரிக்கை: விசிறி நின்றுபோனால் பிளைவுட் பெட்டிக்குள் பல்பு தனியாக எரிந்துகொண்டிருக்கும். ஆகையால் நான் விழித்திருக்கும் வரைதான் பல்பு. படுக்கப் போகும்போது அதை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுவேன்.

இன்சோலைத் துவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடை தாங்காமல் ஒரு மழை ஞாயிறன்று சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினேன். இன்சோல் குடித்த தண்ணீரோடு எடை நூற்றைம்பதைத் தாண்டியது. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தியும், விசிறியில் வைத்தும், செவ்வாய் மாலைதான் 64 வந்தது. மாற்று இன்சோல் இல்லாத ஒருவர் திங்கட்கிழமை அதை ஈரத்தோடு அணிந்திருப்பார், துவைக்காமல் இருந்ததைவிட நிலைமை மோசமாகியிருக்கும். அதன் பிறகு அதே நிறுவனத்தின் அதே வகை இன்சோலில் ஒவ்வொரு ஷூவுக்கும் கூடுதலாக ஒரு ஜோடி வாங்கினேன். இரண்டாவது ஷூ வாங்கிய செலவைவிட இது மிகக் குறைவு, பயனோ ஏறக்குறைய அதே அளவு. சேப்டி ஷூவில் கண்டதைப் போடக் கூடாது. ஐஎஸ் 15298 தரச் சான்று பெற்ற ஷூ அதனுடன் வந்த இன்சோலோடு சேர்த்தே சோதிக்கப்பட்டது. தடிமனான ஒன்றைப் போட்டால் இரும்புத் தொப்பிக்கும் விரலுக்கும் உள்ள இடைவெளி குறையும். நான் ஒருமுறை போட்டுப் பார்த்த ஜெல் இன்சோல் மாலையில் நிறுத்தபோதும் எடை கூடாமல் இருந்தது. அது ஈரத்தை ஏற்கவே இல்லை, முழுவதும் காலுறையில் இருந்தது.

ஷூ ஒன்றின் உள்ளட்டையில் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்ததைக் கண்டபோது, காலிலுள்ள நோய் இதுதான் என்று அஞ்சினேன். ஷூவின் தோலிலும் அட்டையிலும் கண்ணுக்குத் தெரியப் பூக்கும் அந்தப் பூசணம் ஊறுகாயிலும் ரொட்டியிலும் வருவதைப் போன்ற சாதாரண வகை. விரலிடுக்கைத் தாக்கும் பூஞ்சையோ ஷூவில் கண்ணுக்குத் தெரியாத வித்துகளாக மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் ஷூவும் மீண்டும் தொற்றைத் தரலாம். உலர்ந்த ஷூவில் அந்த வித்துகள் வளர்வதில்லை, ஆனால் சாவதும் இல்லை.

தாமதத்தின் கதை இங்கேதான் வருகிறது. தொடக்கத்திலேயே மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கியிருந்தேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. இரண்டு வாரத்தில் புண் மூன்றாம் விரலிடுக்குக்கும் பாதத்தின் மேற்பக்கத்துக்கும் பரவியது. தோல் மருத்துவர் அந்தக் குழாயை வாங்கிப் பார்த்து, அதில் க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் காட்டினார். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்குவதால் பூஞ்சை தடையின்றிப் பரவும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்த பிறகு, ஸ்டீராய்டு இல்லாத டெர்பினாபைன் களிம்பை எழுதிக்கொடுத்தார். தோல் தெளிவாகத் தெரிந்தாலும் நான்கு வாரம் முடியும்வரை நிறுத்தக் கூடாது என்றார். பாதத்தில் ஊசி குத்தியதைப் போன்ற சிறு குழிகள் தெரிந்தால் அது பாக்டீரியாவின் வேலை, அதற்கு இந்தக் களிம்பு பயன்படாது என்றும் சொன்னார். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள யாருக்காவது விரலிடுக்கில் இப்படி ஊறியிருந்தால் ஷூவை உலர்த்திப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம் என்பது அவர் கேட்காமலே சொன்னது.

சிகிச்சை நடந்த வாரங்களில் மதிய உணவு நேரத்தில் காலுறையை மாற்றினேன். விரலிடுக்குகளைத் துடைத்து இரண்டு நிமிடம் காற்றில் விட்ட பிறகே மாற்றுக் காலுறை. இதனால் மட்டும் மாலையில் இன்சோலின் எடை 73 கிராமிலிருந்து 70 ஆனது. காலுறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். வெதுவெதுப்பான தண்ணீர் பூஞ்சையைக் கொல்லப் போதாது. இன்சோலில் சமையல் சோடா தூவிப் பார்த்ததில் வாடை மட்டுப்பட்டது, காரணம் அது அமிலத்தைச் சமன்செய்கிறது. பூஞ்சைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

வாடை இரண்டாம் வாரத்திலேயே போய், ஷூ மாடிப்படியிலிருந்து வீட்டுக்குள் திரும்ப அனுமதி கிடைத்தது. தோல் சரியாக மார்கழி பிறந்துவிட்டது. களிம்பு முடிந்த அன்று நோய்க்காலத்து இன்சோல்கள் அனைத்தையும் குப்பையில் போட்டேன். ஷூக்களின் உள்ளே பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தூவி ஒரு வாரம் தாங்கியில் ஓட்டி எடுத்தேன். புதிதாக வாங்கிய இன்சோல்களை மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் வைத்து நிறுத்து, ஒவ்வொரு ஜோடியின் அடியிலும் அதன் உலர் எடையை மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன்: 58, 59, 61, 58.